ஸ்கேனர் போச்சு என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்: புதுச்சேரி கடைக்காரர்கள் கவனத்துக்கு

பிரான்ஸிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த லேப்டாப்பில் பில் போடுபவர்கள் இதை அவசியம் படியுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பார்கோடு ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று சொல்லி என்னிடம் 4,800 ரூபாய்க்குப் புதியதை விற்றார்கள். அதுவும் சரியாக வேலை செய்யாதபோது, மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று இன்னும் 9,500 ரூபாய் கேட்டார்கள். உண்மையில் இருந்த கோளாறைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை.

முத்தியால்பேட்டையில் எனக்கு மளிகைக் கடை. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால், பாரிஸில் இருக்கும் தம்பி கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பில் பில்லிங் சாஃப்ட்வேரை ஏற்றினோம். ஸ்கேனர் பழையதுதான். சோப்பைக் காட்டினால் சிவப்பு வெளிச்சம் வருகிறது, பீப் சத்தம் வருகிறது. ஆனால் எண் விழ வேண்டிய கட்டத்தில் `_çà&` என்று ஆரம்பித்து ஏதேதோ குறிகள். சாஃப்ட்வேர், அப்படி ஒரு பொருளே இல்லை என்கிறது.

சர்வீஸ் கடையிலிருந்து வந்தவர் இரண்டு பொருளை ஸ்கேன் செய்து பார்த்தார். "அண்ணே, லென்ஸ் போயிடுச்சு. கோட்டைத் தப்புத் தப்பாப் படிக்குது. இதுக்கு ரிப்பேர் கிடையாது" என்றார்.

இந்தக் காரணத்தை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நம் கடைப் பொருள்களில் இருக்கும் 13 இலக்கக் கோட்டில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள 12 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. ஸ்கேனர் படித்ததும் அந்தக் கணக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் பீப் அடிக்கும். லென்ஸ் கெட்டிருந்தால் பெரும்பாலும் பீப்பே வராது, நாலைந்து தடவை காட்ட வேண்டியிருக்கும். அதோடு, எண்கள் மட்டுமே இருக்கும் கோட்டிலிருந்து பிரெஞ்சு எழுத்து எப்படி வரும்? எனக்குத் தப்பாக வந்தபோதெல்லாம் ஒரே பொருளுக்கு அதே குறிகள்தான் வந்தன. படிப்பதில் கோளாறு என்றால் அப்படி வராது.

நடப்பது இதுதான். யுஎஸ்பி ஸ்கேனர் வழக்கமாகக் கம்ப்யூட்டரிடம் தன்னை ஒரு கீபோர்டாகத்தான் காட்டிக்கொள்ளும். அது 8 என்ற எண்ணை அனுப்புவதில்லை. அமெரிக்கக் கீபோர்டில் 8 இருக்கிற இடத்துச் சாவியை அழுத்தியதாக மட்டும் சொல்லும். அந்த இடத்தில் என்ன எழுத்து என்று முடிவு செய்வது விண்டோஸில் இருக்கும் கீபோர்டு அமைப்பு. பிரெஞ்சு லேப்டாப்பில் மேல் வரிசையில் எண் வேண்டுமென்றால் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வருவது இவை:

```
1 2 3 4 5 6 7 8 9 0
& é " ' ( - è _ ç à
```

இந்தியாவில் பதிவான பார்கோடுகள் 890 என்று தொடங்குபவை. அதனால் உங்கள் திரையில் பொருளுக்குப் பொருள் `_çà` என்றே தொடங்கினால், ஸ்கேனர் மிகச் சரியாகப் படிக்கிறது என்று அர்த்தம். கேப்ஸ் லாக்கைப் போட்டுப் பாருங்கள். வழக்கமான பிரெஞ்சு அமைப்பில் அது எண் வரிசையையும் மாற்றிவிடும் என்பதால் எண்கள் சரியாக வந்துவிடும். எங்கள் கடையில் சில நேரம் சரியாகவும் சில நேரம் தப்பாகவும் வந்ததற்குக் காரணம் இதுதான். வந்தவரோ அதையும் "லூஸ் கனெக்‌ஷன்" என்று சொல்லிவிட்டார்.

புது ஸ்கேனரை மாட்டினார். அதிலும் அதே `_çà`. அப்புறம் பெட்டியில் இருந்த சிறு புத்தகத்தைப் பிரித்து, அதில் அச்சிட்டிருந்த, ஸ்கேனரின் அமைப்பை மாற்றும் செட்டிங் பார்கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக பீப், பீப் என்று அடித்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் தப்பான எழுத்துகூட வரவில்லை. பீப் மட்டும் வருகிறது, திரையில் ஒன்றுமே விழவில்லை. அப்போதுதான் மதர்போர்டு கதையைத் தொடங்கினார், யுஎஸ்பி போர்ட் எரிந்துவிட்டதாம். அதே போர்ட்டில் மவுஸ் மாட்டினால் நன்றாக ஓடுகிறது! இதைக் கேட்டதற்கு "மவுஸுக்குக் கரண்ட் கம்மி போதும்ண்ணே" என்றார்.

கடலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் பழைய ஸ்கேனரை ஓடிஜி கேபிள் வழியாகத் தன் செல்போனில் மாட்டினான். நோட்ஸ் ஆப்பைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினான். 13 எண்ணும் அச்சுப் பிசகாமல் வந்தன. "மாமா, இது மேல ஒரு தப்பும் இல்ல" என்றான். ரிப்பேர்காரர் முன்னாலேயே இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம்.

அடுத்துப் புது ஸ்கேனரை லேப்டாப்பில் மாட்டி `Device Manager` திறந்து காட்டினான். `Keyboards` பகுதியில் இருக்க வேண்டியது `Ports (COM & LPT)` பகுதியில் இருந்தது. செட்டிங் கோடுகளை அடித்த வேகத்தில் அதை சீரியல் போர்ட் முறைக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். அந்த முறையில் ஸ்கேனர் சாவி அழுத்தாது. அந்த போர்ட்டைத் திறந்து படிக்கும் சாஃப்ட்வேருக்கு மட்டும் தகவல் போகும். நோட்பேடில் ஒன்றும் விழாது. புத்தகத்தில் `USB Keyboard` என்ற கோட்டைத் தேடி அடித்ததும் உயிர் வந்துவிட்டது.

பிறகு நாட்டு வாரியான கீபோர்டு பக்கத்தில் `French` கோட்டை அடித்தான். எண்கள் சரியாகின. விண்டோஸில் அமெரிக்க ஆங்கில அமைப்பைச் சேர்த்து, விண்டோஸ் சாவியும் ஸ்பேஸ் பாரும் அழுத்தி மாற்றிக்கொண்டாலும் சரியாகிவிடும். ஆனால் அப்படிச் செய்தால் A சாவியை அழுத்தினால் Q விழும். வாடிக்கையாளர் பெயரை என் மனைவி சாவியைப் பார்த்துத்தான் தட்டுகிறார் என்பதால் ஸ்கேனரை மாற்றுவதே எங்களுக்கு வசதி. பிரெஞ்சுக் கோடு இல்லாத மலிவு மாடல் என்றால் விண்டோஸ் பக்கம் மாற்றுவதுதான் வழி. ஸ்கேனரை பிரெஞ்சுக்கு மாற்றியபின் கேப்ஸ் லாக்கை அணைத்தே வையுங்கள், பல மாடல்களில் அது எரிந்தால் மறுபடி குறிகள் வந்துவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. எண் சரியாக விழுந்தும் பொருள் பில்லில் ஏறவில்லை. அடுத்த பொருளைக் காட்டினால் இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டு 26 இலக்கமாக நின்றன. எண்ணுக்குப் பின்னால் ஸ்கேனரே ஒரு என்டரும் தட்ட வேண்டும். சர்வீஸ்காரர் அடித்த கோடுகளில் பழைய நிலைக்குத் திருப்பும் ரீசெட்டும் ஒன்று. சில மாடல்கள் ரீசெட் ஆனால் என்டர் இல்லாமல்தான் நிற்கும். புத்தகத்தில் `Suffix` பக்கத்தில் `CR` அல்லது `Enter` என்று இருக்கும் கோட்டை அடித்ததும் சரியாகிவிட்டது. அங்கே `Tab` கோடும் இருக்கும். பில்லிங் சாஃப்ட்வேர் என்டரை எதிர்பார்க்கும்போது அதை அடித்தால் கர்சர் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவிவிடும், பொருள் ஏறாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு சர்வீஸ் கடைக்காரர், பெட்டியைப் பிரித்துவிட்டோம் என்று மறுத்துவிட்டார். கொடுத்ததும் ஜிஎஸ்டி பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டு. பணம் ஜிபேயில் போனதால் அதையும் அந்தச் சீட்டையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் ஸ்கேனர் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லும் அந்தச் சிறு புத்தகமும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். என் பழைய ஸ்கேனர் இப்போது அதே பிரெஞ்சு லேப்டாப்பில் ஓடுகிறது. அதன் புத்தகம் தொலைந்திருந்தது, அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டோம்.