கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யா, எஃப்.சி.ஏ.வா?

கண்டெய்னரில் சரக்கு அனுப்பும் விற்பனையாளர்களான நாங்கள், கப்பலில் ஏறும்வரை இடர் விற்பவருடையது என்னும் வழக்கமான எஃப்.ஓ.பி. நிபந்தனையை விட்டு, கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே இடர் கைமாறும் எஃப்.சி.ஏ.வுக்கு மாறினோம். அதற்கான முதன்மைக் காரணம் செலவு அல்ல, டெர்மினல் வாயிலுக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட சில நாள்களின் இடர்தான்.

சரக்கு விற்பனையில் செலவும் இடரும் யாருடையவை என்று வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி, எஃப்.ஓ.பி., சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப். ஆகிய மூன்றிலும், ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதும் இடர் வாங்குபவரைச் சேர்கிறது. பின்னிரண்டிலும் சேருமிடத் துறைமுகம் வரையிலான கப்பல் கட்டணத்தை விற்பவர் கட்டுகிறார் என்பதால், வழியில் நேரும் சேதமும் அவர் பொறுப்பு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு; செலவு ஓரிடத்திலும் இடர் வேறோரிடத்திலும் கைமாறுகின்றன.

50,000 டாலர் மதிப்புள்ள ஒரு கண்டெய்னரைத் திங்களன்று டெர்மினலில் ஒப்படைக்கிறோம், கப்பல் வெள்ளியன்று வருகிறது, புதனன்று கிரேனிலிருந்து கண்டெய்னர் விழுந்து சரக்கில் பாதி நொறுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்.ஓ.பி.யில், நம் கையை விட்டுப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தும், அந்த இழப்பு நம்முடையதே. வாங்குபவர் எடுத்த காப்பீடு அவருடைய இடருக்கானது என்பதால் அது நமக்கு உதவாது. தனிக் காப்பீடு இல்லையென்றால் முழு இழப்பும் நம் தலையில் விழும். டெர்மினலைக் குறிப்பிட்டு எழுதிய எஃப்.சி.ஏ.வில், லாரியிலிருந்து இறக்கத் தயாரான நிலையில் கப்பல் நிறுவனத்தின் வசம் விட்டதுமே இடர் கைமாறியிருப்பதால், புதன்கிழமை இழப்பு வாங்குபவரைச் சேரும்.

சி.ஐ.எஃப்.பில் விற்பவரே காப்பீடு எடுப்பதால் இந்தச் சிக்கல் தீரும் என்று சொல்வதும் அரைகுறையான ஆறுதல்தான். விதி கேட்பது விலையின் 110 சதவீதம், அதாவது 55,000 டாலருக்கான குறைந்தபட்சக் காப்பீடு, 'சி' பிரிவு. தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்றவை அதில் அடங்கும்; கிரேனிலிருந்து விழுந்த சேதமும் திருட்டும் அடங்கா.

எஃப்.சி.ஏ.வின் உண்மையான தொல்லை வங்கியில் இருக்கிறது. பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் எல்.சி., பெரும்பாலும் சரக்கு கப்பலில் ஏறியதைக் காட்டும் பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணத்தைக் கேட்கும்; எஃப்.சி.ஏ.வில் ஒப்படைப்போ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 2020 பதிப்பின்படி, அப்படிப்பட்ட பில்லை விற்பவருக்குத் தரும்படி வாங்குபவர் கப்பல் நிறுவனத்துக்கு அறிவுறுத்த வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் அதை ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும், கப்பல் ஏறும்வரை பணத்துக்கும் காத்திருக்க வேண்டும்.

தானியம், தாதுபோல நேரடியாகக் கப்பலில் கொட்டும் சரக்கில் எனக்கு அனுபவம் குறைவு. டெர்மினல் இடைவெளி இல்லாத அங்கே எஃப்.ஓ.பி.யே பொருந்தும் என்று கருதுகிறேன். கண்டெய்னருக்கு எஃப்.சி.ஏ. எழுதுபவர்கள் நகரப் பெயரோடு நிறுத்தாமல் டெர்மினலின் பெயரையும் எழுத வேண்டும். இல்லையென்றால் இறக்குகூலியும் டெர்மினல் கட்டணமும் யாருடையவை என்ற சண்டை அடுத்த பில்லிலேயே தொடங்கும்.