ரெண்டு லிங்க் வெட்டுவதா, செயின் மட்டுமா, முழு செட்டா?

பைக் செயின் லூஸாகிவிட்டது, அட்ஜஸ்டரும் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது என்றால் பட்டறையில் மூன்று யோசனை சொல்வார்கள்: ரெண்டு லிங்க் வெட்டிவிடலாம், செயின் மட்டும் மாற்றலாம், ஸ்ப்ராக்கெட்டோடு முழு செட்டாக மாற்றலாம். எது சரி என்பதை ஒரு ஸ்டீல் டேப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

சிறிய பைக்குகளில் பரவலாக உள்ள 428 செயினில் ஒரு லிங்க்கின் நீளம் 12.7 மி.மீ. கீழ்ப்பக்கச் செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் இடது ஓரத்திலிருந்து 21வது பின்னின் இடது ஓரம் வரை அளக்க வேண்டும். புதுச் செயினில் 20 லிங்க்குக்கு 254 மி.மீ. வரும். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. மூன்று இடங்களில் அளந்து, அதிகமாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

258 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தகடு எதுவும் நீளவில்லை. உள்ளே பின்னும் புஷ்ஷும் தேய்ந்ததில் ஒவ்வொரு லிங்க்கும் சராசரியாக 12.9 ஆகியிருக்கிறது. 118 லிங்க் செயினில் மொத்தம் 23.6 மி.மீ. கூடியிருக்கும், சக்கரம் அதில் பாதி, சுமார் 12 மி.மீ., பின்னால் போயிருக்கும். இப்போது ரெண்டு லிங்க் வெட்டினால் சுமார் 26 மி.மீ. குறைந்து, சக்கரம் புது வண்டியில் இருந்த இடத்துக்கே வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் மிச்சமுள்ள ஒவ்வொரு லிங்க்கும் அதே 12.9தான். தேய்மானத்தை வெளியே காட்டும் அடையாளத்தை அழித்துவிட்டு வண்டியை ஓட்டுவதுதான் இந்த வைத்தியம். வேண்டவே வேண்டாம்.

செயின் மட்டும் மாற்றுவது எப்போதுமே தப்பு என்றில்லை. ஸ்ப்ராக்கெட் போட்டு அதிக நாள் ஆகாமல், துருப்பிடித்தோ சில லிங்க் மடங்காமல் இறுகியோ செயின் கெட்டிருந்தால், அளவும் 256.5க்குள் (அதாவது 1 சதவீதத்துக்குள்) இருந்தால், பல்லைப் பார்த்துவிட்டுச் செயினை மட்டும் மாற்றலாம். அதைத் தாண்டி ஓடிய செயின், பல்லைத் தன் நீளத்துக்கு ஏற்றபடி அரைத்திருக்கும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால், பல பற்கள் பகிர வேண்டிய இழுவை ஒன்றிரண்டு பற்களின் மேலேயே விழும். புதுச் செயின் சீக்கிரமே தேயும். பழைய செயினோடு புது ஸ்ப்ராக்கெட் போட்டாலும் இதே கதைதான், அப்போது அரைபடுவது பல்.

பல்லைப் பார்க்கும்போது முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றாமல் முடிவெடுக்காதீர்கள். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால், முன் பல் ஒவ்வொன்றும் பின் பல்லைவிட மூன்று மடங்கு வேலை செய்கிறது. பின்னால் நன்றாகத் தெரிவதாலேயே முன்னாலும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பல் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தால் முடிந்தது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி விளிம்பில் செயினைப் பிடித்து இழுங்கள்; பாதிப் பல் தெரியும் அளவுக்கு எழும்பினால் முழு செட்தான்.

அடுத்த செட் எவ்வளவு நாள் வரும் என்பது எண்ணெயையும் இறுக்கத்தையும் பொறுத்தது. ஓ-ரிங் இல்லாத செயினுக்கு 90 கிரேடு கியர் ஆயில் மலிவு, நன்றாக உள்ளே இறங்கும். ஆனால் தெறிக்கும், அடிக்கடி விட வேண்டும். ஸ்ப்ரே குறைவாகத் தெறிக்கும். அடித்ததும் ஓட்டாமல் உலரவிட வேண்டும். ஓ-ரிங் செயின் என்றால் அதற்கென்று எழுதியுள்ள ஸ்ப்ரேதான் பாதுகாப்பு. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ரிங்கைக் கெடுக்கும். எதுவானாலும் ஓட்டி வந்த சூட்டில், கீழ்ச் செயினின் உட்பக்கத்தில், தகடுகளின் இடுக்கில் விடுங்கள். சுமார் 500 கி.மீ.க்கு ஒரு முறையும், மழையில் நனைந்த பிறகும் போதும். கழிவு எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள் இருக்கும். வெளியே அப்பும் கிரீஸ் மணலைத்தான் பிடித்து வைக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் துடைத்தால் விரல் போய்விடும்.

இறுக்கும்போது சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கீழ்ச் செயினின் நடுவில் மேலும் கீழுமாக மொத்த ஆட்டம் சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி. ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, கோடுகள் சமமா என்று பாருங்கள். நட்டை முறுக்கியதும் மறுபடி அளக்க வேண்டும், முறுக்கும்போது ஆட்டம் மாறிவிடும். விறைப்பாக வைத்தால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கை இழுக்கும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் போனதும் பிரேக்கும் இறுகியிருக்கும். ராடு நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள்.

புது செட் மாட்டும்போது லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். மேல்பக்கம் இருக்கும்போது அது வண்டியின் முன்புறத்தைப் பார்க்கும். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டிக் கிளிப் கழன்றுவிடும்.