"5.1" என்று சொல்லி சவுண்ட்பார் தலையில் கட்டுகிறார்கள்: கேம் ஆடுபவர்கள் கவனம்!

ரூ. 21,500. பிளேஸ்டேஷன் 5-க்கு சரவுண்ட் சவுண்ட் வேண்டும் என்று சொல்லி வாங்கிய சவுண்ட்பாருக்குக் கொடுத்த தொகை. இன்று கடை மேனேஜர் கடைசியாகக் கைவிரித்துவிட்டார். வயிறு எரிகிறது, அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்தது.

எங்கள் ஊரில் பெரிய ஷோரூம், மூன்று மாடி. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பிஎஸ்5-லேர்ந்து வர்ற 5.1 இதுல அப்படியே பிரிஞ்சு வருமா?" விற்பனைப் பையன் என்னை சோபாவில் உட்கார வைத்தான். பென் டிரைவைப் பாரில் சொருகி ஒரு பாட்டைப் போட்டான். முதுகுக்குப் பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரும் அதிர்ந்தன. "பாத்தீங்களாண்ணா, பின்னாடி எப்படி வருது! டால்பி 5.1. ஆப்டிகல், ஆர்க் ரெண்டும் இருக்கு. எதுல மாட்டினாலும் கேம்ல சரவுண்டுதான், நான் கேரண்டி." பில் போடும்போதும் திரும்பக் கேட்டேன். "நான் இங்கதானண்ணா இருக்கேன், எதுன்னாலும் வாங்க" என்று தன் நம்பரை பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான்.

மாட்ட வந்தவர் டிவியின் ஆப்டிகல் போர்ட்டில் ஒயரைச் சொருகினார். டிவி ரிமோட்டில் சவுண்ட் கூடவில்லை. ஆப்டிகல் என்றால் அது இயல்பு, அந்த ஒயரில் ரிமோட் கட்டளை போகாது. அது எனக்கு ஒரு குறையே இல்லை. கேமைப் போட்டதும்தான் வண்டவாளம் தெரிந்தது. பாத்திரத்தை ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தி கேமராவை மெதுவாகச் சுற்றினேன். ஆறு இடப்பக்கம் வந்தாலும் முதுகுக்குப் பின்னால் போனாலும் முன்னும் பின்னும் ஒரே இரைச்சல். முன்னால் பேசுகிறவன் குரல் பின் ஸ்பீக்கரிலும் கேட்கிறது. இரண்டு சானல் ஒலியை எடுத்து ஐந்து ஸ்பீக்கருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கிறது இந்தப் பார். கடையில் சோபாவில் கேட்டதும் அதே நகல்தான். ஸ்டீரியோ பாட்டில் பின் ஸ்பீக்கருக்கென்று தனி ஒலியே கிடையாது.

போன் செய்தேன். "செட்டிங்ஸ் மாத்துங்கண்ணா."

மாற்றினேன். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை மொத்தமும் இதில்தான் ஒளிந்திருக்கிறது. பிஎஸ்5-ல் ஆப்டிகல் போர்ட்டே கிடையாது. அதன் ஒலி எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போய், அங்கிருந்துதான் பாருக்கு வரும். டிவியிலிருந்து ஆப்டிகலில் வெளியேறினால், சுருக்காத பிசிஎம் ஒலி இரண்டு சானலுக்கு மேல் போகாது. எச்டிஎம்ஐ ஒயரிலேயே டிவியின் ஒலியைப் பாருக்குத் திருப்பி அனுப்பும் சாதாரண ஆர்க்கிலும் அதே கதைதான். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமாக ஆறு சானல். அந்த ஆறும் போக வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கி அனுப்ப வேண்டும். சுருக்கியதை விரிக்கும் டீகோடர் பாருக்குள் இருக்க வேண்டும். இ-ஆர்க் இருந்தால் சுருக்காமலே எட்டு சானல் வரை போகும். ஆனால் அது டிவி, பார் இரண்டிலும் இருக்க வேண்டும். என் டிவியில் வெறும் ஆர்க்தான், அதையும் அவனிடம் சொல்லித்தான் வாங்கினேன்.

ஆக எனக்கு இருக்கும் வழி டால்பி டிஜிட்டல். ஆப்டிகல் ஒயரைக் கழற்றிவிட்டு, டிவியில் ARC என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் எச்டிஎம்ஐ கேபிளால் பாரை மாட்டினேன் (மற்ற போர்ட்டில் மாட்டினால் வேலை செய்யாது). டிவியில் டிஜிட்டல் ஆடியோ வெளியீட்டை PCM-லிருந்து Passthrough-க்கு மாற்றினேன். பிஎஸ்5-ல் Settings > Sound > Audio Output போய், லீனியர் பிசிஎம் என்று இருந்ததை டால்பியாக்கினேன். பாரில் சத்தமே இல்லை. ஆப்டிகலில் மாட்டினால் கரகரவென்று காதைக் கிழிக்கிறது. PCM-க்குத் திருப்பினால் உடனே ஒழுங்காகப் பாடுகிறது, அதே இரண்டு சானலில். இதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே டால்பி டீகோடர் கிடையாது. அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "5.1 Channel" என்று பெரிதாக இருக்கிறது, டால்பி முத்திரை எந்தப் பக்கமும் இல்லை. 5.1 என்பது ஸ்பீக்கர் எண்ணிக்கையாம். ரூ. 21,500 வாங்கிக்கொண்டு ஸ்பீக்கர் எண்ணிக்கை!

நேரில் போனேன். "கேபிள் சரியில்ல சார், ஹை ஸ்பீடு கேபிள் போடுங்க" என்று ரூ. 1,800-க்கு ஒரு கேபிளை நீட்டினார்கள். வாங்கவில்லை. பாரில் டீகோடர் இல்லாதபோது தங்கக் கேபிள் போட்டாலும் ஒன்றும் மாறாது. அடுத்து, "டிவி கம்பெனிலதான் சார் கேக்கணும்."

அதையும் விடவில்லை. நண்பனின் சவுண்ட்பாரைத் தூக்கிவந்து அதே டிவி, அதே போர்ட், அதே கேபிள், அதே செட்டிங்கில் மாட்டினோம். பாரின் சின்னத் திரையில் "Dolby Digital" என்று வந்தது. அதே ஆற்றங்கரையில் கேமராவைச் சுற்றினேன். ஆற்றின் சத்தம் வலப்பக்கத்திலிருந்து நழுவி முதுகுக்குப் பின்னால் போனது, முன் ஸ்பீக்கரில் காற்றும் பறவையும் மட்டும். டிவியில் கோளாறு இல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

இதை வீடியோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டுப் பார்த்து "எல்லா ஸ்பீக்கரும் வேலை செய்கிறது, குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்து கேட்டார். போடவில்லை. இன்று மேனேஜர், "பாக்ஸ்ல டால்பின்னு போட்டிருக்கா? இல்லல்ல? பையன் ஏதோ தெரியாம சொல்லியிருப்பான். வித்த பொருள் ரிட்டர்ன் கிடையாது." அந்தப் பையன் வேறு கிளைக்கு மாறிவிட்டானாம். அவன் எழுதிக் கொடுத்த நம்பர் எடுக்கப்படுவதே இல்லை. ரூ. 21,500 அவர்கள் கல்லாவில், பார் என் வீட்டில்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். பொருளின் தரத்தைப் பற்றி வாயால் பொய் சொல்லி விற்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். விடப்போவதில்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் டால்பி டிஜிட்டல் முத்திரை இல்லாத "5.1" பாரை கன்சோலுக்கு வாங்காதீர்கள். பென் டிரைவ், ப்ளூடூத் டெமோவை நம்பாதீர்கள், கன்சோலையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் டிவி வழியாக மாட்டச் சொல்லுங்கள். மாட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள். டிவி போர்ட்டில் ARC என்றிருக்கிறதா eARC என்றிருக்கிறதா என்று போட்டோ எடுத்துப் போங்கள். வெறும் ARC என்றால் "இ-ஆர்க் பார்" என்று கூடுதல் விலை சொன்னால் அந்த வசதி உங்கள் டிவியில் வேலை செய்யாது. விற்பவர் வாயால் சொல்வதை பில்லிலேயே "டால்பி டிஜிட்டல் 5.1 டீகோடர் உண்டு" என்று எழுதி வாங்குங்கள்.