அடித்தெழுதுவதா, அட்டவணையா, சூத்திரமா? ஃப்ளோசார்ட் லூப்பில் கடைசி விடையைப் பிடிக்கும் வழிகள்

தேர்வில் ஒரு ஃப்ளோசார்ட்டைக் கொடுத்து, "கடைசியில் அச்சாகும் மதிப்பு என்ன?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே இருப்பது வெறும் கூட்டலும் கழித்தலும்தான். ஆனாலும் விடை ஒரு சுற்று முன்னேயோ பின்னேயோ போய் நிற்கும். போதாக்குறைக்கு, அந்தத் தப்பான எண்ணும் நான்கு விடைகளில் ஒன்றாக நமக்காகக் காத்திருக்கும்.

இதைப் போட மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. மாறிகளின் பழைய மதிப்பை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டே போவது ஒன்று. சுற்றுக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுவது இரண்டாவது. லூப் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்துச் சூத்திரத்தில் முடித்துவிடுவது மூன்றாவது. ஒரே கணக்கை மூன்றிலும் போட்டால், எது எங்கே சறுக்குகிறது என்பது தெரிந்துவிடும்.

படத்தைப் பெட்டி பெட்டியாக எழுதினால் இப்படி இருக்கும்:

```
1. S = 0, N = 1
2. S = S + N
3. N = N + 3
4. N > 20 ?   இல்லை -> 2    ஆம் -> 5
5. PRINT S
```

இரண்டும் மூன்றும் செவ்வகப் பெட்டிகள், நான்கு சாய்சதுரம், ஐந்து இணைகரம். `S = S + N` என்பது சமன்பாடு இல்லை. "இப்போதைய S-ஓடு N-ஐக் கூட்டி, வருவதை மறுபடி S-இல் வை" என்ற கட்டளை. சில படங்களில் சமக்குறிக்குப் பதில் இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி போட்டிருப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், குழப்பமே வராது.

முதலில் அடித்தெழுதும் வழி. தாளில் S என்று ஒரு தலைப்பு, N என்று ஒரு தலைப்பு. S-இன் கீழே 0, 1, 5, 12, 22, 35, 51, 70. N-இன் கீழே 1, 4, 7, 10, 13, 16, 19, 22. ஒவ்வொரு புது எண் வரும்போதும் முந்தையதன் மேல் ஒரு கோடு. இடம் குறைவு, கை வேகமாக ஓடும், விடையும் 70 என்று சரியாகவே வருகிறது.

இந்தப் படத்துக்கு அது போதும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மாறிகளும் மாறுகின்றன. இப்போது இரண்டாம் பெட்டிக்கு முன்னால் ஒரு சாய்சதுரத்தைச் செருகுங்கள்: "N இரட்டைப்படையா? ஆம் என்றால் மட்டும் கூட்டு." அப்போது S-இன் கீழே 0, 4, 14, 30 என்று நான்கு எண்கள்தான் இருக்கும், N-இன் கீழே அதே எட்டு. எந்த S எந்த N-க்கு உரியது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடுவில் ஒரு கூட்டல் பிசகியிருந்தால் அதைத் தேடவும் வழியில்லை, மறுபடி முதலிலிருந்துதான். கிளை இல்லாத, ஐந்தாறு சுற்றில் முடிகிற லூப்புக்கு மேல் இந்த வழியை நான் நம்புவதில்லை.

அட்டவணைக்கு வருவோம். "அட்டவணை போட நேரம் போதாது" என்பவர்கள் பெரும்பாலும் பெட்டிக்கு ஒரு வரி எழுதுகிறவர்கள். ஏழு சுற்று, சுற்றுக்கு மூன்று பெட்டி என்றால் 21 வரி, யாருக்கும் அலுக்கும். அப்படி எழுத வேண்டியதே இல்லை. லூப்பிலிருந்து வெளியேறும் சாய்சதுரத்தின் வாசலில் நின்றுகொள்ளுங்கள். அங்கே வந்து சேரும்போது மாறிகளின் கையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் ஒரு வரியாகக் குறியுங்கள்.

| சுற்று | S | N | N > 20? |
|---|---|---|---|
| 1 | 1 | 4 | இல்லை |
| 2 | 5 | 7 | இல்லை |
| 3 | 12 | 10 | இல்லை |
| 4 | 22 | 13 | இல்லை |
| 5 | 35 | 16 | இல்லை |
| 6 | 51 | 19 | இல்லை |
| 7 | 70 | 22 | ஆம் |

ஏழே வரி. இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது கடைசி இரண்டு வரிகள். S எப்போதும் N-க்கு ஒரு அடி பின்னால் வருகிறது: ஆறாம் வரியில் N 19 ஆகிவிட்டது, ஆனால் அந்த 19 இன்னும் S-இல் சேரவில்லை. ஏழாம் வரியில்தான் சேர்கிறது. அதே மாதிரி, 22 பக்கத்திலேயே இருந்தாலும் அது S-க்குள் போகவே போகாது.

தப்பு விடைகள் பிறக்கும் இடமும் இதுதான். "22 எல்லையைத் தாண்டிவிட்டது, அந்தச் சுற்றே கணக்கில் வராது" என்று நினைப்பவருக்கு 51 வரும். கண்ணெதிரே இருக்கும் 22-ஐயும் சேர்த்துவிடுபவருக்கு 92 வரும். இரண்டாம் பெட்டியையும் மூன்றாம் பெட்டியையும் இடம் மாற்றிப் படித்தவருக்கு 4 முதல் 22 வரை கூடி 91 வரும். நான் அதிகம் மாட்டிக்கொண்டது இந்த மூன்றாவதில். படத்தில் அம்புக்குறி கீழிருந்து மேலே போனால் கண் தானாக வரிசையை மாற்றிக்கொள்கிறது.

விடைகளைப் பார்த்துக் கழித்துக்கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். முயன்று பார்ப்போம். N எப்போதும் 3-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண். ஏழு முறை கூட்டினால் S-உம் மீதி 1 தர வேண்டும். 51 போய்விட்டது, 92 போய்விட்டது. ஆனால் 91-உம் மீதி 1 தான் தருகிறது! பெட்டிகளின் வரிசையை மாற்றிப் படித்த தப்பை இந்தச் சோதனையால் பிடிக்க முடியாது. தவிர, ஏழு முறை என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிக் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

சரி, சூத்திரம். 1, 4, 7 என்று 19 வரை கூட்டுத் தொடர். ஏழு உறுப்புகள், சராசரி 10, ஆக 70. பத்து விநாடி. நான்காம் பெட்டியில் 20-க்குப் பதில் 200 என்று இருந்தால் இந்த வழி இல்லாமல் ஆகாது, ஏனென்றால் அட்டவணை 67 வரி ஓடும்.

ஆனால் சூத்திரத்துக்குத் தொடரின் நடுப்பகுதிதான் தெரியும், இரண்டு ஓரங்களும் தெரியாது. எந்த எண் முதலில் சேர்கிறது, எந்த எண் கடைசியாகச் சேர்கிறது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். அதனால் பெரிய எல்லை வந்தால் இரண்டையும் கலந்து போடுவேன். முதல் இரண்டு சுற்றைக் கையால் போடுகிறேன்: S-க்குள் முதலில் போனது 1, அடுத்து 4. அப்புறம் நேராகக் கடைசிக்குத் தாவுகிறேன். 200-ஐத் தாண்டாத கடைசி N 199. அது சாய்சதுரத்துக்கு வரும்போது "இல்லை", ஆகவே திரும்பிப் போய் 199 சேர்கிறது. N 202 ஆகிறது, "ஆம்", வெளியே. எனவே 1 முதல் 199 வரை 67 உறுப்புகள், சராசரி 100, விடை 6700. பெட்டிகள் இடம் மாறியிருந்தால் 4 முதல் 202 வரை. ஒவ்வோர் உறுப்பும் 3 கூடுவதால் 201 அதிகம், 6901.

சூத்திரம் மொத்தமாகக் கைவிடும் இடங்களும் உண்டு. நான்காம் பெட்டியில் `N > 20` என்பதற்குப் பதில் `N = 20` என்று எழுதியிருந்தால்? தொடர் என்று அவசரமாகப் பார்த்தவர் ஏதோ ஓர் எண்ணைக் கூட்டிக் கொடுத்துவிடுவார். அட்டவணை போட்டவர் ஆறாம் வரியில் 19-ஐயும் ஏழாம் வரியில் 22-ஐயும் பார்ப்பார். 20 வரவே வராது. லூப் முடிவதில்லை, எதுவும் அச்சாவதுமில்லை.

இதைவிடப் பொல்லாதது, பழகிய முகம் போலத் தெரியும் படம். இதைப் பாருங்கள்:

```
1. A = 84, B = 36
2. B = 0 ?   ஆம் -> 6    இல்லை -> 3
3. R = A / B-இன் மீதி
4. B = R
5. A = B,  பிறகு 2-க்கு
6. PRINT A
```

பார்த்தவுடனே "அட, யூக்ளிட் முறை, மீப்பெரு பொது வகுத்தி, விடை 12" என்று கை எழுதிவிடும். கொஞ்சம் பொறுங்கள். 84-ஐ 36-ஆல் வகுத்தால் மீதி 12. நான்காம் பெட்டியில் B 12 ஆகிறது. ஐந்தாம் பெட்டியில் A-க்குப் போவது பழைய 36 இல்லை, இப்போதுதான் வந்த 12. இரண்டும் 12. அடுத்த சுற்றில் மீதி 0. B 0, A-உம் 0. வெளியே வந்தால் அச்சாவது 0.

உண்மையான யூக்ளிட் முறையில் `A = B` முதலில், `B = R` அப்புறம். அப்போது முதல் சுற்றின் முடிவில் A 36, B 12, இரண்டாம் சுற்றின் முடிவில் A 12, B 0, விடை 12. இரண்டு பெட்டிகள் இடம் மாறியதில், சுழியம் அல்லாத எந்த B-ஐக் கொடுத்தாலும் 0 மட்டுமே அச்சிடும் படம் கிடைத்துவிட்டது. இரண்டே வரி அட்டவணை இதைப் பிடித்துவிடும்.

சில லூப்களுக்குச் சூத்திரம் தேடுவதே வீண். N இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, ஒவ்வொரு முறையும் C-இல் 1 சேர், N 1 ஆனதும் C-ஐ அச்சிடு. N 6-இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1, விடை 8. இது கொலாட்ஸ் கணக்கு. எந்த எண்ணில் தொடங்கினாலும் 1-க்கு வந்துவிடுமா என்பதையே இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. 27-இல் தொடங்கினால் 111 அடி நடக்க வேண்டும். கையால் போடச் சொல்லும் கேள்வியில் 6, 7 மாதிரிச் சின்ன எண்தான் வரும்.

அதனால் என் பழக்கம் இது: சாய்சதுர வாசலில் அட்டவணை தொடங்குகிறேன். மூன்று வரிக்குள் சீரான தொடர் தெரிந்து, கிளையும் இல்லையென்றால் மட்டும் சூத்திரத்துக்குத் தாவுகிறேன். அப்போதும் கடைசிச் சுற்றைக் கையால் போட்டுவிடுவேன்.

சாய்சதுரம் லூப்பின் தலையில் இருக்கிறதா, காலில் இருக்கிறதா என்பதையும் பேனாவை வைக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நம் முதல் படத்தில் அது காலில் இருந்தது. N 1-இல் தொடங்கும்போது அதைத் தலைக்கு ஏற்றினாலும் விடை மாறாது, அதே 70. ஆனால் N 25-இல் தொடங்கினால், காலில் சோதிக்கும் படம் ஒரு சுற்று ஓடிவிட்டு 25 என்று அச்சிடும். தலையில் சோதிக்கும் படம் உள்ளே நுழையாமலே 0 என்று அச்சிடும்.