பழைய கோப்பைத் தேடும்போது: வாட்ஸ்ஆப் தாவல்களும் டெலிகிராம் தாவல்களும்

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஈரம் கசியத் தொடங்கியபோது வந்த பிளம்பர், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "சார், பூச்சு பூசுறதுக்கு முன்னாடி பைப் லைனை போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?" எடுத்து வைத்திருந்தோம். 2022-இல் வீடு கட்டியபோது பொறியாளர், மேஸ்திரி, என் தம்பி, மைத்துனர் எல்லோரும் சேர்ந்திருந்த வாட்ஸ்ஆப் குழுவில் அந்தப் படங்கள் வந்திருந்தன. அதே வீட்டின் முகப்பு வடிவமைப்புக்காகத் தொடங்கிய வேறொரு குழு டெலிகிராமில் இருந்தது. பிளம்பருக்கு வேண்டியவை மூன்று: சுவருக்குள் போன குழாய்களின் படம், குழாய் வரைபடத்தின் பிடிஎஃப், குழாய் வாங்கிய கடை ரசீது. ஒரே வேலைக்காக இரண்டு செயலிகளையும் அடுத்தடுத்துத் திறந்து தேடியதால், எது எந்த இடத்தில் கைகொடுக்கிறது என்பதை அன்று நன்றாகவே பார்க்க முடிந்தது.

வாட்ஸ்ஆப்பில் குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் "Media, links and docs" என்ற வரி இருக்கும். அதைத் தொட்டால் படங்களும் காணொளிகளும் ஒரு தாவலிலும், இணைப்புகள் ஒன்றிலும், ஆவணங்கள் இன்னொன்றிலும் மாதவாரியாக, புதியவை மேலே இருக்கும்படி அடுக்கப்பட்டிருக்கும். டெலிகிராமிலும் குழுவின் பெயரைத் தொட்டால் இதே போன்ற தாவல்கள்தாம் வருகின்றன. ஆனால் அங்கே படம், கோப்பு, இணைப்பு ஆகியவற்றோடு இசைக்கும் குரல் பதிவுக்கும் தனித்தனித் தாவல்கள் உண்டு. மேஸ்திரி குரலில் சொல்லிய ஓர் அளவைத் தேடுகிறவருக்கு இந்தக் கடைசித் தாவல் ஒன்றே பெரிய உதவி.

இரண்டு செயலிகளுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தேடல் தோற்பதற்கு மிகப் பெரிய காரணம் அதுதான். ஒரு பொருள் எந்தத் தாவலில் போய் உட்காரும் என்பதை அந்தப் பொருள் தீர்மானிப்பதில்லை. அனுப்பியவர் அதை எந்த வழியில் அனுப்பினார் என்பதே தீர்மானிக்கிறது. கடை ரசீதை நாம் ஆவணம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் கடைக்காரர் அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தால் அது படங்களோடு படமாகக் கலந்துவிடும். அதே ரசீதை பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தால் ஆவணத் தாவலுக்குப் போகும். கூகுள் டிரைவில் ஏற்றி முகவரியை மட்டும் அனுப்பியிருந்தால் இணைப்புத் தாவலில்தான் இருக்கும். ஒரு படத்தைத் தெளிவு குறையாமல் இருக்க வேண்டும் என்று ஆவணமாக அனுப்பியிருந்தால், அதை ஆவணத் தாவலில்தான் தேட வேண்டும். நான் குழாய் வரைபடத்தை ஆவணத் தாவலில் கால் மணி நேரம் தேடியும் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம். பொறியாளர் அதை டிரைவ் இணைப்பாக அனுப்பியிருந்தார். ஆகவே "இது என்ன வகைக் கோப்பு" என்று யோசிப்பதைவிட, "அனுப்பியவர் எப்படி அனுப்பும் பழக்கமுள்ளவர்" என்று யோசித்துத் தாவலைத் தேர்ந்தெடுப்பதே வேகமான வழி.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆவணங்களைத் தேடுவதில் வாட்ஸ்ஆப்பின் தாவல் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு வரியிலும் கோப்பின் பெயர், பக்க எண்ணிக்கை, அளவு, நாள் ஆகியவை தெரிகின்றன. பெயர் எதற்கும் உதவாத நேரங்களில் மற்ற மூன்றும் துணை நிற்கும். எங்கள் குழுவில் "scan0001.pdf" என்ற பெயரில் மட்டும் நான்கு கோப்புகள் இருந்தன. ரசீது ஒரு பக்கம்தான் இருக்கும் என்பது தெரியும், மேஸ்திரியோடு போட்ட ஒப்பந்தம் ஆறு பக்கம் என்பதும் நினைவில் இருந்தது. ஆகவே எதையும் திறக்காமலேயே இரண்டை விலக்கிவிட முடிந்தது. மீதமிருந்த இரண்டில் ஒன்றைத் திறந்ததும் ரசீது கிடைத்துவிட்டது.

டெலிகிராமின் கோப்புத் தாவலில் பெயரும் அளவும் நாளும் உண்டு. அங்கே தேடல் குறியைத் தொட்டு அந்தக் குழுவின் கோப்புகளுக்குள் மட்டும் பெயரைத் தட்டச்சு செய்து தேடலாம். வடிவமைப்பாளர் தன் கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிடும் பழக்கமுள்ளவர் என்பதால், "elevation" என்று தட்டியதும் அவர் அனுப்பிய எல்லாப் பதிப்புகளும் வரிசையாக வந்து நின்றன. பெயரிடும் பழக்கம் உள்ள குழுவில் டெலிகிராம் மிக வேகமாகக் கோப்பைக் கொடுக்கிறது. பெயரே இல்லாமல் கோப்புகள் குவியும் குழுவில் வாட்ஸ்ஆப் காட்டும் பக்க எண்ணிக்கைதான் காப்பாற்றுகிறது.

எந்தக் குழுவில் வந்தது என்பதே மறந்துபோன கோப்புக்குத் தாவல்களை நம்பிப் பயனில்லை. அதற்கு வாட்ஸ்ஆப்பின் முகப்புத் திரையில் இருக்கும் தேடல் பெட்டியைத் தொட்டு, கீழே வரும் வடிகட்டிகளில் ஆவணத்துக்கானதைத் தேர்ந்தெடுத்து, பெயரில் நினைவிருக்கும் ஒரு சொல்லைத் தட்ட வேண்டும். எல்லா உரையாடல்களிலும் வந்த ஆவணங்கள் ஒரே பட்டியலாக வரும். டெலிகிராமின் முகப்புத் தேடலிலும் இதே வசதி உண்டு. அங்கே ஆள், மாதம் ஆகியவற்றையும் சேர்த்து வடிகட்டலாம் என்பது கூடுதல் நன்மை.

படங்களுக்கு வந்தால் கதை மாறுகிறது. எழுத்து எதுவும் சேர்க்காமல் அனுப்பிய படத்தை எந்தச் சொல்லைத் தட்டியும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நாள் ஒன்றுதான் வழி. எங்கள் குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. சிமெண்ட் மூட்டை, கம்பி, செங்கல், மறுபடியும் சிமெண்ட் மூட்டை என்று எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் ஓடின. வாட்ஸ்ஆப்பின் படத் தாவலில் மாதத் தலைப்புகள் உண்டே தவிர, ஒரு குறிப்பிட்ட நாளுக்கு நேரே தாவும் வசதியை நான் அங்கே பயன்படுத்த முடியவில்லை. ஆனால் உரையாடலுக்குள் தேடலைத் திறந்தால் நாட்காட்டிக் குறி ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2024-இன் தொடக்கத்தில் வந்தது. பூச்சு வேலைக்கு முன்பணம் கொடுத்த நாள் வங்கிக் கணக்கில் இருந்தது. அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததும் உரையாடல் நேராக அங்கே போய் நின்றது. அதற்கு இரண்டு நாள் முன்னால் மேஸ்திரி அனுப்பிய ஏழு படங்களும் அங்கே இருந்தன. நான்காவது படத்தில், குழாயின் முழங்கை இணைப்பு ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது நீட்டி வைத்த அளவு நாடாவோடு தெரிந்தது.

டெலிகிராமில் இந்தச் சுற்றுவழி தேவைப்படுவதில்லை. 2021 நவம்பரில் இருந்தே அதன் படத் தாவலுக்குள்ளேயே நாட்காட்டி இருக்கிறது. ஒவ்வொரு தேதியின் மேலும் அன்று வந்த படம் ஒன்று சிறிதாகத் தெரியும். எந்த நாளில் படங்கள் வந்தன, எந்த நாளில் வரவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். இரண்டு விரல்களால் சுருக்கினால் ஒரே திரையில் இன்னும் அதிகமான படங்களைப் பார்க்கலாம். படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் டெலிகிராமே மேலானது என்று தயங்காமல் சொல்வேன்.

இணைப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு செயலிகளிலும் இணைப்புத் தாவல் கொடுப்பது முகவரியைத்தான், கோப்பை அன்று. பொறியாளரின் டிரைவ் இணைப்பைத் தொட்டபோது அனுமதி கேட்கும் பக்கம்தான் வந்தது. அவரைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி வாங்கிய பிறகே வரைபடம் திறந்தது.

தேடிக் கண்டுபிடித்தாலும் கோப்பு உண்மையில் கைக்கு வருமா என்பது வேறு கேள்வி. இங்கேதான் இரண்டு செயலிகளும் அடிப்படையிலேயே பிரிகின்றன. வாட்ஸ்ஆப்பில் வந்த கோப்பின் நிரந்தர இருப்பிடம் நம் கைபேசிதான். இடம் போதவில்லை என்று கைபேசியின் படக் கோப்புறையைக் காலி செய்தால், உரையாடலில் மங்கலான சிறுபடமும் பதிவிறக்க அம்புக்குறியும் மட்டும் மிஞ்சும். செய்தி வந்து பல மாதங்கள் ஆகியிருந்தால் அந்த அம்புக்குறியைத் தொட்டும் பயனிராது. வழங்கியில் பிரதி இருக்காது, அனுப்பியவரிடமே மறுபடி கேட்க வேண்டியிருக்கும். டெலிகிராமில் சாதாரண உரையாடல்களின் கோப்புகள் நிறுவனத்தின் வழங்கியில் இருக்கின்றன. கைபேசியில் சேர்ந்திருக்கும் தற்காலிகப் பிரதியை அழித்தாலும், கைபேசியையே மாற்றினாலும், தாவலில் தெரிவதை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். இரகசிய உரையாடல்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

ஆனால் டெலிகிராமின் இந்த வசதிக்கு மறுபக்கமும் உண்டு. அங்கே அனுப்பியவர் தன் செய்தியை எத்தனை மாதம் கழித்தும் எல்லோருக்குமாக அழித்துவிட முடியும். அழித்தால் நம் தாவலிலிருந்தும் அது போய்விடும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியவருக்கு அந்த அவகாசம் இரண்டு நாளுக்குச் சற்று மேல் மட்டுமே. அதன் பிறகு நம் கைபேசியில் இருப்பது நம்முடையது. நெடுங்காலம் பயன்படுத்தாமல் விட்ட டெலிகிராம் கணக்கு தானாகவே அழிந்துவிடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆகவே ஒப்பந்தம், ரசீது போன்று பிற்காலத்தில் வழக்காடும் நிலை வந்தால் காட்ட வேண்டியிருக்கும் கோப்புகளுக்கு, நம் கையில் இருக்கும் பிரதியையே நான் நம்புவேன். வேலை நடக்கும் காலத்தில் படங்களையும் வரைபடப் பதிப்புகளையும் புரட்டிப் பார்ப்பதற்கு டெலிகிராம் குழுவையே தேர்ந்தெடுப்பேன்.

வாட்ஸ்ஆப் ஆண்ட்ராய்டில் படங்களுக்குத் தானே வைக்கும் பெயரும் தேடலுக்கு உதவும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். IMG-20220614-WA0011.jpg என்றால் அது 2022 ஜூன் 14 அன்று வந்த படம். கைபேசியின் கோப்பு மேலாளரில் 20220614 என்று தட்டினால் அன்று வாட்ஸ்ஆப்பில் வந்த படங்கள், எந்தக் குழுவில் வந்திருந்தாலும், ஒன்றாக வந்து நிற்கும். குழுவை விட்டு வெளியேறி, உரையாடலையும் அழித்துவிட்ட பிறகுகூட, படங்களைச் சேர்த்து அழிக்காமல் விட்டிருந்தால் இந்த வழி வேலை செய்யும்.

பிளம்பர் நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். உடைத்தது ஒன்றரை அடி மட்டுமே. அன்று மாலையே அந்த ஏழு படங்களையும் எனக்கு நானே அனுப்பிக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் "குளியலறை, கிழக்குச் சுவர், பைப் லைன்" என்று எழுதி வைத்தேன்.