ரோஸ் குமிழா, வெள்ளை வட்டமா? பசங்க மச்சத்துல எதைச் சீக்கிரம் காட்டணும்

எங்க வீட்டுல ஒரே வருஷத்துல ரெண்டு மச்சம் வந்து எல்லாரையும் கலங்கடிச்சுது. அக்கா பையனுக்கு 6 வயசு, கன்னத்துல ரோஸ் கலர்ல வழவழன்னு ஒரு குமிழ், ரெண்டு மூணு மாசத்துல வந்தது. என் பொண்ணுக்கு 14, முதுகுல சின்ன வயசுலேர்ந்து இருந்த மச்சத்தைச் சுத்தி திடீர்னு வெள்ளை வட்டம்.

வட்டத்தைப் பார்த்துட்டு அத்தை வெண்புள்ளின்னு அழுதே தீர்த்துட்டாங்க, ஆனா ரெண்டுல அவ்வளவா கவலைப்பட வேண்டாதது அதுதான். ஹேலோ நீவஸ்னு பேரு. உடம்போட எதிர்ப்பு செல்களே மச்சத்தோட நிறமி செல்லை அடிக்குது, பக்கத்துத் தோலும் சேர்ந்து வெளுக்குது. மச்சம் மெல்ல மறைஞ்சு, வருஷக்கணக்குல கலர் திரும்பும். சில பேருக்கு வெண்புள்ளியும் கூடவே இருக்கும், அதனால உடம்பு முழுக்க ஒரு தடவை பார்க்கச் சொல்லுவாங்க. வட்டம் எல்லாப் பக்கமும் சமமா, நடுவுல இருக்கற மச்சம் ஒரே கலரா இருந்தா சரி, கோணலா இருந்தா காட்டணும்.

ரோஸ் குமிழ்தான் குழப்பம் பிடிச்சது. அதுக்குப் பேரு ஸ்பிட்ஸ் நீவஸ், 1948ல சோஃபி ஸ்பிட்ஸ்ங்கற டாக்டர் எழுதினதால அந்தப் பேரு. மைக்ராஸ்கோப்ல மெலனோமாங்கற தோல் கேன்சர் மாதிரியே தெரியும், ஆனா பெரும்பாலும் சாது. சில மாசம் வேகமா வளர்ந்துட்டு அப்படியே நின்னுடும், பொதுவா 1 செ.மீ. தாண்டாது. சிக்கல் என்னன்னா குழந்தைங்களுக்கு வர்ற மெலனோமாவும் சில நேரம் இதே மாதிரி ரோஸா, உருண்டையா, ஒரே கலரா இருக்கும், பெரியவங்களுக்குச் சொல்ற 'கறுப்பா, ஓரம் பிசிறா' கணக்கு இங்க உதவாது. பையனுக்கு டெர்மோஸ்கோப்ங்கற தோலைப் பெருசாக்கிக் காட்டற லென்ஸ்ல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரிஞ்சுது, அதனால ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து 3 மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னாங்க. 5 மி.மீ., அப்புறம் 6, அதுக்கப்புறம் ரெண்டு தடவையும் அதே 6.

இதே குமிழ் 12 வயசுக்கு மேல புதுசா வந்திருந்தா இவ்வளவு பொறுமை கிடையாது, எடுத்துப் பார்த்துடறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொன்னார். டீன்ஏஜ்ல மச்சம் எல்லாமே உடம்போட சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா பெருசாகும், அது ஓகே. ஒண்ணு மட்டும் வாரத்துக்கு வாரம் எழும்புது, மத்ததுங்க மாதிரி இல்ல, ரத்தம் கசியுது, பொருக்கு கட்டுதுன்னா பரீட்சை லீவுக்குக் காத்திருக்காம ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள ஸ்கின் டாக்டர்கிட்ட போகணும்.

மருன்னு நினைச்சு சுண்ணாம்பு வைக்கறது, பார்லர்ல சுட்டு எடுக்கறது ரெண்டும் வேண்டவே வேண்டாம். சுட்டுட்டா பயாப்ஸிக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சாது. மேலாக்க சீவினாலும் அடிப்பாகம் தெரியாம பேத்தாலஜிஸ்ட் திணறுவார். எடுக்கறதுன்னா முழுசா ஒரே துண்டா எடுத்து, வயசையும் எத்தனை மாசமா வளருதுன்னும் சீட்டுல எழுதி அனுப்பச் சொல்லுங்க.