அல்பிரசோலமிலேயே குறைப்பதா, டயசிபாமுக்கு மாறிக் குறைப்பதா?

பதற்றத்துக்காகச் சில வாரங்களுக்கு என்று ஆரம்பித்த அல்பிரசோலம் நான்கு வருடம் ஓடிவிட்டது. காலையில் 0.5 மி.கி., இரவில் 0.5 மி.கி., எழுதிக்கொடுத்த அளவை ஒரு நாளும் தாண்டியதில்லை. ஆனாலும் ஒரு வேளை தவறினால் கை நடுங்கும், வியர்க்கும், இரவு முழுக்கத் தூக்கம் வராது. எழுதிக்கொடுத்தபடி சாப்பிட்டாலே உடல் இதற்குப் பழகிவிடும் என்பதை மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நிறுத்த முடிவு செய்ததும் அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இதே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. இன்னொன்று, அதே குடும்பத்தைச் சேர்ந்த, உடலில் நீண்ட நேரம் தங்கும் டயசிபாமுக்கு மாறி, அதைக் குறைப்பது. நான் இரண்டாவதை எடுத்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மூன்றாவதாக ஒரே நாளில் நிறுத்துவது என்று ஒன்று இருக்கிறதே என்பவர்களுக்கு: மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மாத்திரைகள் கூட்டிவிடுகின்றன. வருடக்கணக்கில் அப்படி நடக்கும்போது மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரை சட்டென்று போனால் பிரேக் இல்லாத நிலை. எனவே அது ஒரு வழியே இல்லை.

சரி, இரண்டு வழிகளுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் மருத்துவர் முதலில் பழைய அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பார், இரண்டு முதல் நான்கு வாரம் அங்கேயே வைத்துப் பார்ப்பார், உடல் தாங்கினால் அடுத்த குறைப்பு. தாங்கவில்லை என்றால் அதே அளவில் இன்னும் சில வாரம். மது கூடவே கூடாது. ஓபியாய்டு வகை வலி மருந்து சாப்பிடுகிறவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும்.

வித்தியாசம் ஆரம்பிப்பது மருந்து உடலில் தங்கும் நேரத்தில். அல்பிரசோலத்தின் அளவு ரத்தத்தில் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். டயசிபாமுக்கு அதுவே ஒன்றிரண்டு நாள் ஆகும், அது சிதைந்து உண்டாகும் பொருளும் வேலை செய்யக்கூடியது, இன்னும் பல நாள் தங்கும். அல்பிரசோலத்தில் இருந்தபோது எனக்கு மாலை நான்கு மணிக்குமேல் ஒரு படபடப்பு வரும். அது நோய் என்று நினைத்திருந்தேன். காலை மாத்திரை வடிந்து இரவு மாத்திரைக்கு உடல் காத்திருந்த நேரம் அது. டயசிபாமுக்கு மாறிய மூன்றாவது வாரம் அந்த நான்கு மணிப் படபடப்பு போய்விட்டது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை தீர்மானித்த காரணம் இதுவும் இல்லை. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு சின்னதாகக் குறைக்க முடியும் என்பதுதான். அல்பிரசோலத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறிய மாத்திரை 0.25 மி.கி. பாதியாக உடைத்தால் 0.125. நாளொன்றுக்கு 1 மி.கி. இருக்கும்போது அது எட்டில் ஒரு பங்கு, சமாளிக்கலாம். 0.5-க்கு வந்தபின் அதே அரைத்துண்டு நாலில் ஒரு பங்கு ஆகிவிடும், 0.25-க்கு வந்தால் ஒரே வெட்டில் பாதி போய்விடும். அதாவது உடல் மிகவும் சிரமப்படும் கட்டத்தில் படிகள் பெரிதாகிக்கொண்டே போகும். என் மருத்துவர் போட்ட கணக்கில் 0.5 மி.கி. அல்பிரசோலத்துக்கு ஈடு 10 மி.கி. டயசிபாம். அப்படியென்றால் 2 மி.கி. டயசிபாம் மாத்திரையில் பாதி, அதாவது 1 மி.கி., வெறும் 0.05 மி.கி. அல்பிரசோலத்துக்குச் சமம். அந்த அளவுக்கு ஓர் அல்பிரசோலம் மாத்திரையை வீட்டில் உடைக்கவே முடியாது. (நீடித்து வெளியாகும் வகை மாத்திரையாக இருந்தால் உடைக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.)

என் அட்டவணை இப்படிப் போனது. முதல் வாரம் இரவு மாத்திரைக்குப் பதில் மட்டும் 10 மி.கி. டயசிபாம், இரண்டாவது வாரம் காலையும் மாறியது, மொத்தம் 20. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 18, 16. அங்கிருந்து 1 மி.கி. வீதம் 5 வரை. 5-க்குக் கீழே 2 மி.கி. மாத்திரையைக் கால் பங்காக வெட்டி 0.5 வீதம். கணக்குப்படி 48 வாரம். 9 மி.கி.யில் ஆறு வாரம் நின்றதால் ஒரு வருடத்தைத் தொட்டுவிட்டது.

ஏன் நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். டயசிபாம் மெதுவாக வடிவதால் குறைத்ததன் வலி அன்றே தெரியாது, ஐந்தாறு நாள் கழித்து வரும். 9-க்கு இறங்கி ஆறாம் நாள் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் காதைக் குத்தியது, தோலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பழைய பதற்றம் திரும்பிவிட்டதோ என்று பயந்து, யாரையும் கேட்காமல் ஒரு அல்பிரசோலம் போட்டுக்கொண்டேன். மருத்துவர் திட்டவில்லை, ஆனால் ஒன்று விளக்கினார்: எனக்கு முன்பு எப்போதும் இல்லாத அறிகுறிகள், அதுவும் குறைத்த சில நாளில் வந்து மெல்ல மெல்ல அடங்குகிறவை, பெரும்பாலும் மருந்து குறைவதால் வருபவை. பழைய நோய் பழைய முகத்தோடுதான் வரும். அன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி, அளவு, தூக்கம், அறிகுறி நான்கையும் எழுதினேன், அடுத்தடுத்த குறைப்புகளை அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவர் முடிவுசெய்தார். குழப்பம், இல்லாதது தெரிவது, வலிப்பு என்று எது வந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

டயசிபாமின் குறையும் சாதாரணமானதில்லை. மாறிய முதல் இரண்டு வாரம் மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். எனக்குப் பகலில் தலை பாரமாக இருந்தது, வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஈடு கணக்கும் எல்லோருக்கும் துல்லியமாகப் பொருந்தாது, ஒரு அட்டவணை சொல்வதில் பாதியை இன்னொரு அட்டவணை சொல்லும், ஆளைப் பார்த்து மருத்துவர் சரிசெய்ய வேண்டியதுதான்.

நேராகக் குறைக்கும் வழியில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, அம்மா விஷயத்தில் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். அவருக்கு 74 வயது, இரவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த லோராசிபாம் 1 மி.கி. நான் டயசிபாமுக்கு மாற்றலாமே என்று கேட்டேன், அதே மருத்துவர் மறுத்துவிட்டார். வயதானவர்களின் கல்லீரல் டயசிபாமை மெதுவாகத்தான் வெளியேற்றும், அது தேங்கினால் தள்ளாட்டம், விழுந்தால் இடுப்பெலும்பு. லோராசிபாமுக்குக் கல்லீரலில் அவ்வளவு வேலை இல்லை. அதனால் மாத்திரையைக் கால் கால் பங்காகவே குறைத்தார்கள். படி பெரிது என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குறைப்புக்கும் பின்னால் நான்கைந்து இரவு அம்மாவுக்குத் தூக்கம் கெட்டது, பிறகு சரியானது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே குளோனசிபாம் மாதிரி நீண்ட நேரம் தங்கும் மருந்தில் இருப்பவர்களுக்கும் இந்த வழிதான் பொருந்தும் என்று அவர் சொன்னார்.

நான் கடைசி 0.5-ஐ நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. முதல் மூன்று வாரம் விட்டுவிட்டுத்தான் தூங்கினேன். இப்போது ஆறு மணி நேரம் வருகிறது.